பட்ஜெட்டில் 1,15,000 மிச்சம், ஆனால் லாபத்தைக் காணோம்: சேலம் தட்டுவடை யூனிட் கணக்கு

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

வணக்கம். சேலத்தில் தட்டுவடை, முறுக்கு போடும் ஒரு யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். கடை பெயர் வேண்டாம், முதலாளிக்கு இங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பி.காம் முடித்து மூன்று வருடம் ஆகிறது, பட்ஜெட் போட்டது இந்த வருடம்தான் முதல் தடவை, அதனால் தப்பு இருந்தால் திட்டாமல் சொல்லுங்கள்.

மாதம் 10,000 பாக்கெட் (அரைக் கிலோ) விற்கும் என்று பட்ஜெட் போட்டேன். கடைக்காரருக்குப் பாக்கெட் 100 ரூபாய். செலவு மொத்தம் 8,90,000, லாபம் 1,10,000 என்று வந்தது. கார்த்திகை மாதம் விற்றது 8,000 பாக்கெட்தான். செலவு 7,75,000 ஆனது.

நான் பட்ஜெட்டையும் நிஜச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் கொடுத்தேன். முதலாளி பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் பட்ஜெட்டை விடக் குறைவு. எண்ணெய் மட்டும் 16,000 மிச்சம், மாவு பருப்பில் 54,000 மிச்சம், எல்லாம் சேர்த்து 1,15,000 மிச்சம். "மாஸ்டர் சிக்கனமாகப் போட்டிருக்கிறார், பொங்கலுக்கு அவருக்குத் தனியாக ஏதாவது செய்யணும்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், மாஸ்டர் நல்ல மனுஷன்.

ஆனால் லாபம் 25,000தான். 1,15,000 மிச்சம் பிடித்திருக்கிறோம், லாபம் 85,000 குறைந்திருக்கிறது, இது எப்படி ஒத்துப்போகும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இன்டர்_ரெண்டாம்_குரூப்

அண்ணா, நீங்கள் போட்டது ஃபிக்ஸட் பட்ஜெட். 10,000 பாக்கெட்டுக்குப் போட்ட செலவை 8,000 பாக்கெட் செலவோடு ஒப்பிட்டால் மிச்சம் மாதிரிதான் தெரியும். பத்துப் பேருக்குச் சமைக்க வாங்கிய காசில் எட்டுப் பேருக்குச் சமைத்துவிட்டு மீதியைக் காட்டினால் அது சிக்கனமா? பட்ஜெட்டை 8,000க்கு மாற்றிப் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள், அதுதான் ஃப்ளெக்ஸிபிள் பட்ஜெட்.

விற்பனை 80 சதவீதம் என்றால் 8,90,000இல் 80 சதவீதம், அதாவது 7,12,000தான் ஆகியிருக்க வேண்டும். ஆனது 7,75,000. ஆக 63,000 அதிகமாகச் செலவு செய்திருக்கிறீர்கள். மாஸ்டருக்கு போனஸ் இல்லை, மெமோதான் கொடுக்க வேண்டும் :)

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

ஐயோ. நேற்று போனஸ், இன்றைக்கு மெமோவா?

ஓய்வு_காஸ்ட்டிங்

தம்பி இன்டர், முதல் பத்தி சரி. இரண்டாவது பத்தியை யாரும் முதலாளியிடம் காட்டிவிடாதீர்கள்.

நான் இங்கே ஒரு நூற்பு மில்லில் காஸ்ட்டிங் பார்த்து ஓய்வு பெற்றவள். மில்லில் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் முதல் மாதம் செய்வது இதுதான், மொத்தச் செலவை அப்படியே சதவீதத்தால் பெருக்குவது. இரண்டாயிரம் பாக்கெட் குறைவாக விற்றது என்று கட்டட ஓனர் வாடகையில் இருபது சதவீதம் தள்ளுபடி தருவாரா? டிரைவர் சம்பளம் குறையுமா? அந்த 63,000இல் பெரும்பகுதி குறையவே முடியாத செலவைக் குறைத்துப் போட்டதால் வந்தது.

கணக்குத் தம்பி, ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது பாக்கெட்டோடு நகர்கிறதா, மாதத்தோடு நிற்கிறதா, இரண்டும் கலந்ததா என்று பிரித்து இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் மேலே பேசிப் பிரயோசனம் இல்லை. இன்னொன்று, 8,000 என்பது விற்றதா, போட்டதா? இரண்டும் ஒன்றா?

ஏற்காடு_தோட்டம்

எங்கள் தோட்டத்திலும் இதே தொல்லைதான். பட்ஜெட் போடுவது ஏக்கருக்கு. உரம், களை எடுப்பு, நிழல் மரம் கவாத்து எல்லாம் ஏக்கர் கணக்கு, காய் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு ஆகியே தீரும். அரபிக்கா ஒரு வருஷம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருஷம் படுத்துக்கொள்ளும். காய் குறைந்த வருஷம் பழம் பறிக்கிற கூலி மட்டும் குறையும், அது கிலோ கணக்கு. நானும் ஒரு தடவை பறிப்புக் கூலி மிச்சம் என்று சந்தோஷப்பட்டுவிட்டு அப்புறம் மூட்டையை எண்ணிப் பார்த்து நொந்தேன். நீங்களும் மழை வருஷம், வெயில் வருஷம் என்று இரண்டு பட்ஜெட் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஓய்வு_காஸ்ட்டிங்

தோட்டத்து அண்ணா சொல்வது விளைச்சல். இவர் கேட்பது விற்பனை. ஆனால் ஒரு விஷயம் அதில் இருக்கிறது, உரம் ஏக்கரோடு போகிறது, பறிப்புக் கூலி கிலோவோடு போகிறது. எந்தச் செலவு எதன் பின்னால் நடக்கிறது என்பதுதான் இங்கேயும் கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

பிரித்துவிட்டேன் அக்கா. போட்டதும் விற்றதும் ஏறக்குறைய ஒன்றுதான், தட்டுவடையை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டோம், மாதக் கடைசியில் குடோனில் 40 பாக்கெட்தான் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

பாக்கெட்டுக்கு: மாவு, பருப்பு, மசாலா 28 ரூபாய், எண்ணெய் 18, கேஸ் 4, கவரும் அட்டைப்பெட்டியும் 5, தட்டுகிறவர்களுக்குப் பீஸ் கூலி 9, ஏஜென்ட் கமிஷன் 5.

மாதத்துக்கு: வாடகை, மாதச் சம்பளம், வேன், சில்லறை எல்லாம் சேர்த்து 1,82,000.

கரண்ட் பில்தான் குழப்பம். கிரைண்டர் ஓடுவதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது, ஆனால் ஒரு பாக்கெட் கூடப் போடாவிட்டாலும் கிலோவாட் கணக்கில் ஒரு தொகை வருகிறது. 11,000 பாக்கெட் போட்ட மாதம் 19,000, 7,000 போட்ட மாதம் 15,000. நாலாயிரம் பாக்கெட்டுக்கு நாலாயிரம் ரூபாய், அப்போது பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய், மீதி 8,000 நிலையானது என்று எடுத்துக்கொண்டேன். சரியா?

ஓய்வு_காஸ்ட்டிங்

சரி. இரண்டே மாதத்தை வைத்துப் போட்டதால் அதில் ஒன்று சித்திரை மாதமாக இருந்தால் ஏமாற்றும், வெயிலுக்கு ஃபேனும் எக்ஸாஸ்ட்டும் நாள் முழுக்க ஓடும், அதுவும் பாக்கெட் தலையில் விழுந்துவிடும். இப்போதைக்கு இருக்கட்டும், ஆயிரம் ரூபாய் விஷயம்.

ஆக பாக்கெட்டோடு போவது 70 ரூபாய். மாதத்தோடு நிற்பது 1,90,000. உங்கள் பட்ஜெட் இனிமேல் ஒரே தொகை கிடையாது, இந்த இரண்டு எண்கள்தான். எக்செல்லில் B1இல் நிஜமாக விற்ற பாக்கெட்டைப் போடுங்கள், C பத்தியில் பாக்கெட் செலவு, D பத்தியில் மாதச் செலவு, E பத்தியில் இது:

```
=C5*$B$1+D5
```

ஒவ்வொரு வரிக்கும் இழுத்து விடுங்கள். 10,000 போட்டால் பழைய 8,90,000 வரும். 8,000 போட்டால் 5,60,000ம் 1,90,000ம் சேர்ந்து 7,50,000. நிஜம் 7,75,000. அதிகச் செலவு 25,000. இன்டர் தம்பி சொன்ன 63,000ம் இல்லை, முதலாளி பார்த்த 1,15,000 மிச்சமும் இல்லை.

இப்போது உங்கள் ராத்திரித் தூக்கத்துக்கு வருவோம். லாபம் 1,10,000இலிருந்து 25,000க்கு வந்தது, 85,000 பள்ளம். ஒரு பாக்கெட் விற்றால் நூறில் எழுபது போக 30 ரூபாய் கையில் நிற்கும். இரண்டாயிரம் பாக்கெட் விற்கவில்லை, அதனால் 60,000 போச்சு. இது பட்டறைக்குள் நடந்த தப்பு இல்லை, எண்ணெயை எவ்வளவு சிக்கனமாக ஊற்றினாலும் இந்த 60,000 திரும்பாது. மீதி 25,000தான் பட்டறையில் போனது. 60ம் 25ம் 85, உங்கள் கணக்கு ஒத்துப்போய்விட்டது.

உங்கள் பழைய தாளில் இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கிடந்தன. விற்பனை விழுந்ததால் தானாகக் குறைந்த 1,40,000 செலவு, நிஜமாக அதிகமான 25,000ஐ மூடி மறைத்துவிட்டது. 1,40,000இல் 25,000 போக 1,15,000.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

அக்கா, இதைப் படித்தவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வரிவரியாகப் போட்டுப் பார்த்தேன். கவர், கூலி, கமிஷன் மூன்றும் கச்சிதம். மாவில் 2,000 அதிகம், கரண்டில் 1,000 அதிகம், மாதச் செலவில் 2,000 குறைவு. கேஸ் 32,000க்குப் பதில் 36,000. எண்ணெய்தான் பெரிது, 1,44,000 ஆகியிருக்க வேண்டியது 1,64,000 ஆகியிருக்கிறது. இருபதாயிரம்! பழைய தாளில் இதே எண்ணெய்தான் 16,000 மிச்சம் என்று சிரித்துக்கொண்டு நின்றது.

அம்மாபேட்டை_ஓனர்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நானும் ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், சாப்பாட்டுப் பொருள் இல்லை. இந்த ஃப்ளெக்ஸிபிள் பட்ஜெட்டில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. விற்பனை எவ்வளவு விழுந்தாலும் பட்ஜெட்டும் கூடவே இறங்கி வந்து பக்கத்தில் நிற்கிறது. ஏன் 10,000 விற்கவில்லை என்று கேட்கிற தாள் எங்கே? எங்கள் சேல்ஸ் பையன் ஒருத்தன் மூன்று மாதம் இதைக் காட்டியே தப்பித்தான், "அண்ணே, விற்ற அளவுக்குச் செலவு சரியாத்தான் இருக்கு" என்று. பேங்கில் சிசி கடன் லிமிட்டுக்குக் காட்டிய தொகை என்ன, நெகிழுமா? அவர்களுக்கு நான் சொன்ன விற்பனைதான் வேதம். என்னைக் கேட்டால் முதல் பட்ஜெட்டைத் தொடக்கூடாது.

இவர் கணக்கிலேயே பாருங்கள், விற்காததால் போனது 60,000, எண்ணெயில் போனது 20,000. எல்லாரும் எண்ணெயைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

ஓய்வு_காஸ்ட்டிங்

ஓனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, முதல் பட்ஜெட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அது பக்கத்திலேயே இருக்கட்டும், மூன்று பத்தி: முதலில் போட்டது, 8,000க்கு நகர்த்தியது, நிஜம். முதல் இரண்டுக்கும் நடுவில் லாபத்தில் உள்ள 60,000க்கு விற்பனைக்காரர் பதில் சொல்ல வேண்டும், அடுத்த இரண்டுக்கும் நடுவில் உள்ள 25,000க்குப் பட்டறை பதில் சொல்ல வேண்டும். உங்கள் பையன் தப்பித்ததற்குக் காரணம் அவனிடம் கேட்க வேண்டிய பத்தியை நீங்கள் தாளிலிருந்து எடுத்துவிட்டதுதான்.

அந்த 60,000இலும் ஒரு வில்லங்கம். கணக்குத் தம்பி, 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

வருஷத்துக்கு 1,20,000 பாக்கெட் என்று முதலாளி சொன்னார். பன்னிரண்டால் வகுத்தேன்...

ஓய்வு_காஸ்ட்டிங்

நினைத்தேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா மாதமும், தீபாவளிக்கு முந்தின மாதமும், தீபாவளி முடிந்து வீடு வீடாக முறுக்கு டப்பா காலியாகாமல் இருக்கிற கார்த்திகையும் ஒன்றா? போன வருஷம் கார்த்திகையில் எத்தனை விற்றது?

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

பில் புத்தகத்தை எடுத்து எண்ணினேன். 8,600.

ஓய்வு_காஸ்ட்டிங்

அப்போது இந்த மாதத்துக்கு 8,600 என்றுதான் போட்டிருக்க வேண்டும். விற்பனையில் நிஜமாக விழுந்தது 600 பாக்கெட், அதாவது 18,000. மீதி 42,000 உங்கள் வகுத்தலில் வந்தது, யாரும் தொலைத்தது இல்லை. ஆடியில் இதே வகுத்தல் எதிர்ப்பக்கம் காட்டும், எல்லாரும் தோளைத் தட்டிக்கொள்வீர்கள்.

அம்மாபேட்டை_ஓனர்

அது சரி. ஆனால் போன வருஷம் 8,600 விற்றது என்பதற்காக இந்த வருஷமும் அதே போதும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலாளி கேட்டது 1,20,000.

செட்டுக்கடை

நான் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறவன். படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஒரு விஷயம் உதைக்கிறது. நீங்கள் எல்லாம் விற்பனை குறைந்தால் சரக்குச் செலவு தானாகக் குறையும் என்கிறீர்கள். எனக்குக் குறையாதே. சாயங்காலம் நாலு மணிக்கு நூறு செட்டுக்குக் கேரட், பீட்ரூட் துருவி, சட்னி இரண்டு வகை அரைத்து வைத்துவிடுவேன். ஏழு மணிக்கு மழை பிடித்தால் அறுபது செட்டோடு வண்டியை மூட வேண்டும். துருவியது துருவியதுதான். தட்டுவடை மட்டும் டப்பாவில் போட்டு நாளைக்கு வைக்கலாம். எனக்குக் கேரட் வாடகை மாதிரி ஆகிவிடுகிறது.

ஓய்வு_காஸ்ட்டிங்

இந்த இழையிலேயே கெட்டிக்காரக் கேள்வி இதுதான். அந்தத் துருவல் அறுபது செட்டைப் பார்த்து நகர்வது இல்லை, நாலு மணிக்கு நீங்கள் நினைத்த நூறைப் பார்த்து நகர்ந்தது. துருவும் வரைக்கும் மாறும் செலவு, துருவிய பின்னால் மாறாச் செலவு. அறுபதுக்குப் பட்ஜெட் போட்டுவிட்டு நாற்பது செட் கேரட்டை நீங்கள் வீணாக்கியது என்று எழுதினால் அது அநியாயம். அதை "மழையில் போனது" என்று தனி வரியில் எழுத வேண்டும்.

இதையே எண்ணெய்க்குக் கேட்கிறேன். கணக்குத் தம்பி, பாக்கெட்டுக்கு 18 ரூபாய் எண்ணெய் என்றீர்களே, அது எப்படி வந்தது? எத்தனை கிராம், என்ன விலை? சாயங்காலம் கடாயில் மிஞ்சுகிற எண்ணெயை என்ன செய்கிறீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

பட்டறைக்கே போய் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், அதனால்தான் இவ்வளவு நேரம்.

பட்ஜெட்டில் பாக்கெட்டுக்கு 150 கிராம், கிலோ 120 ரூபாய். நிஜத்தில் வாங்கியது கிலோ 125. தீர்ந்தது 1,312 கிலோ. 8,000 பாக்கெட்டுக்கு 1,200 கிலோதான் ஆகியிருக்க வேண்டும், 112 கிலோ அதிகம்.

மாஸ்டர் சொன்னது: ஒரு நாளைக்குப் போடுவது குறைந்தாலும் கூடினாலும் கடைசியில் கடாய் அடியில் சுமார் 12 கிலோ நிற்கும், அதை மறுநாள் ஊற்ற மாட்டோம், கேனில் வடித்துவிடுவோம். முன்பெல்லாம் ஊற்றியிருக்கிறார்கள், உணவுப் பாதுகாப்பு ஆட்கள் மீட்டரை விட்டுப் பார்த்தால் எண்ணெய் கெட்டதைக் காட்டும் போலார் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வந்ததிலிருந்து முதலாளி நிறுத்திவிட்டார். மாதம் 25 நாள் அடுப்பு எரிந்தது, கார்த்திகையிலும் 25 நாள்தான்.

ஓய்வு_காஸ்ட்டிங்

பார்த்தீர்களா. தட்டுவடைக்குள் போகிற எண்ணெய் பாக்கெட்டோடு நகரும். கேனுக்குப் போகிற எண்ணெய் அடுப்பு எரிந்த நாளோடு நகரும். 25 நாளுக்கு 12 கிலோ வீதம் 300 கிலோ, விற்பனை என்னவாக இருந்தாலும். 10,000 பாக்கெட்டுக்கு 1,500 கிலோ என்றால், 300 போக 1,200 கிலோ தட்டுவடைக்குள், பாக்கெட்டுக்கு 120 கிராம். நீங்கள் இரண்டையும் கலந்து 150 கிராம் என்று போட்டதால், 8,000க்கு நகர்த்தும்போது கேன் எண்ணெயையும் 240 கிலோவாகக் குறைத்துவிட்டீர்கள். கடாய்க்கு அது தெரியாது.

சரியாகப் போட்டால் 960ம் 300ம் சேர்ந்து 1,260 கிலோ. ஆக 112இல் 60 கிலோ மாஸ்டர் தப்பு இல்லை, பட்ஜெட் போட்டவர் தப்பு. விலை ஐந்து ரூபாய் ஏறியதில் 6,560 போயிருக்கிறது, எண்ணெய் வாங்குவது யார்?

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

முதலாளிதான். லீ பஜாரில் அவரே பேசி வாங்குவார். :(

இன்டர்_ரெண்டாம்_குரூப்

அப்போது மெமோ யாருக்கு?

ஓய்வு_காஸ்ட்டிங்

யாருக்கும் இல்லை, விலை ஏறினால் ஏறியது. ஆனால் மாஸ்டர் தலையில் 20,000 என்று எழுதாதீர்கள். 6,560 விலை, 7,200 கேன் எண்ணெய், மீதி 52 கிலோ, பழைய விலையில் 6,240 ரூபாய். இந்த 52 கிலோவைப் பற்றித்தான் மாஸ்டரிடம் பேச வேண்டும்.

கேஸும் இதே கதையாக இருக்கும். காலையில் கடாயைச் சூடேற்றுகிற கேஸ் நாள் கணக்கு, வேகிற கேஸ் பாக்கெட் கணக்கு. அந்த 4,000ஐ இப்போதைக்குக் குற்றமாக எழுத வேண்டாம். ஒரு வாரம் காலையில் எண்ணெய் காயும் வரை சிலிண்டரைத் தராசில் நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

செட்டுக்கடை

52 கிலோ எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் எனக்கு வருகிற பாக்கெட்டிலேயே உடைசல் அதிகம். பட்டறையிலும் உடைந்திருக்கும். உடைசலைக் கேட்டிலேயே கிலோ கணக்கில் சில்லறையாக விற்பார்கள், நானே வாங்கியிருக்கிறேன் (உங்கள் பட்டறையா என்று கேட்காதீர்கள்). அது எண்ணெய் குடித்துவிட்டது, ஆனால் பாக்கெட்டில் ஏறவில்லை.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

உடைசல் விற்பது உண்மைதான், சில்லறைப் பெட்டியில் போகும். எவ்வளவு என்று எழுதுவது இல்லை.

ஓய்வு_காஸ்ட்டிங்

நல்ல துப்பு, ஆனால் முழுசாகப் பொருந்தாது. உடைந்த தட்டுவடை எண்ணெயை மட்டும் குடிக்காது, மாவையும் சாப்பிட்டிருக்கும். மாவில் அதிகம் ஆனது 2,000 ரூபாய்தான், பாக்கெட்டுக்கு 28 என்றால் சுமார் 71 பாக்கெட் அளவு உடைசல். அது குடித்திருக்கும் எண்ணெய் எட்டரை கிலோ. மீதி 43 கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரு பக்கம், 43 கிலோவை 8,000 பாக்கெட்டுக்குப் பிரித்தால் பாக்கெட்டுக்கு ஐந்தரை கிராம்கூட முழுசாக இல்லை. மாவு கொஞ்சம் தளர்ந்தாலோ, எண்ணெய் சரியாகக் காயாமல் போட்டாலோ அந்த அளவு தானாகக் குடிக்கும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இன்னொரு பக்கம், 15 கிலோ டின்னில் 43 என்பது ஏறக்குறைய மூன்று டின். இரண்டும் ஒரே எண்தான், தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஏற்காடு_தோட்டம்

கேனில் வடிக்கிற 300 கிலோ எங்கே போகிறது? பயோடீசலுக்கு என்று வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு காசு கொடுக்கிறார்களே. அந்தக் காசு எந்த வரியில் இருக்கிறது?

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

...எந்த வரியிலும் இல்லை அண்ணா. இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஓய்வு_காஸ்ட்டிங்

ஹாஹா, தோட்டத்து அண்ணா சத்தமில்லாமல் இருந்து சரியான இடத்தில் கை வைத்தார். அதை எண்ணெய்ச் செலவில் கழிக்க வேண்டும், அதுவும் நாள் கணக்குதான்.

கடைசியாக ஒன்று. இந்த 70 ரூபாயும் 1,90,000மும் எல்லா அளவுக்கும் செல்லாது. ஒரு கடாயில் மாதம் எத்தனை பாக்கெட் வரை போட முடியும்?

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

11,000 வரை இழுக்கலாம் என்கிறார் மாஸ்டர். அதற்கு மேல் இரண்டாவது கடாய் பற்றவைக்க வேண்டும், இரண்டு ஆள் சம்பளத்துக்கு வேண்டும். ஆடியில் அதுதான் நடந்தது.

ஓய்வு_காஸ்ட்டிங்

அப்போது B1இல் 13,000 போட்டால் வரும் பட்ஜெட் பொய். இரண்டாவது கடாய்க்கு இன்னொரு 12 கிலோ கேன் எண்ணெய் தினமும், இன்னொரு காலைச் சூடு, இரண்டு சம்பளம். 7,000இலிருந்து 11,000 வரைக்கு ஒரு தாள், அதற்கு மேல் வேறு தாள். கீழேயும் அப்படித்தான். 4,000க்கு விழுந்தால் முதலாளி வாரம் மூன்று நாள்தான் அடுப்புப் பற்றவைப்பார், அப்போது நாள் எண்ணிக்கையே மாறிவிடும்.

அம்மாபேட்டை_ஓனர்

அக்கா, ஆறு பேர் வேலை செய்கிற பட்டறைக்கு இத்தனை தாளா? மாதம் 52 கிலோ எண்ணெயைத் தேட ஒரு கணக்குப்பிள்ளை ஒரு வாரம் சிலிண்டர் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தால் அவர் சம்பளம் எந்த வரி?

ஓய்வு_காஸ்ட்டிங்

மாதச் செலவு வரி :) அவர் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் மாறாது. சும்மா சொல்கிறேன், நீங்கள் சொல்வதும் சரிதான். எண்ணெய்க்கும் கேஸுக்கும் மட்டும் இரண்டாகப் பிரித்தால் போதும், கவருக்கும் கமிஷனுக்கும் இந்த ஆராய்ச்சி தேவையில்லை.

செவ்வாய்ப்பேட்டை_கணக்கு

அப்டேட். புதுத் தாளை முதலாளியிடம் காட்டினேன். மூன்று பத்தி, எண்ணெய் இரண்டு வரி. முதலில் "20,000 அதிகமா?" என்று கத்தி மாஸ்டரைக் கூப்பிடச் சொன்னார். 6,560 அவர் வாங்கிய விலையில் வந்தது என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்றார். கேன் எண்ணெய்க் காசைக் கேட்டேன், அது வேன் டிரைவர் டீசலுக்குப் போகிறதாம், எழுதிக்கொள் என்றார்.

மாஸ்டரிடம் 43 கிலோவைப் பற்றிப் பக்குவமாகத்தான் கேட்டேன். கோபப்படவில்லை. மழைக்கு மாவு ஈரம் கட்டுகிறது, தளதளவென்று வருகிறது என்றார். அப்புறம் அவரே ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஐப்பசி கடைசியில் நான் ஸ்டாக் எடுத்தபோது மூலையில் இருந்த டின்களை வெளியிலிருந்து எண்ணி முழு டின் என்று எழுதியிருக்கிறேன், அதில் எத்தனை பாதி டின் என்று அவருக்கும் நினைவில்லை, எனக்கும் தெரியாது. பாதி டின் நாலைந்து இருந்திருந்தால் அந்த 43இல் பெரும்பகுதி போன மாதமே தீர்ந்துபோன எண்ணெயாகக்கூட இருக்கலாம்.

இந்த மாதக் கடைசியில் தராசோடு போகிறேன்.

செட்டுக்கடை

போகும்போது உடைசலையும் நிறுத்துங்கள் தம்பி. கிலோ என்ன விலை என்றும் அப்படியே சொல்லுங்கள்.